நினைவுக் கட்டுரையில் காலம் தடுமாறாமல் எழுதுவது எப்படி? இரண்டு முறை திரும்பி வந்த கட்டுரையை வைத்து ஒரு வழிகாட்டி

கஜா புயல் ராத்திரியைப் பற்றி நான் எழுதிய நாலு பக்கக் கட்டுரை, ஒரு பத்திரிகையிலிருந்து இரண்டு தடவை திரும்பி வந்தது. முதல் தடவை ஓரத்தில் பென்சிலால் "காலம் தடுமாறுகிறது" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். புயல் வந்த தேதியைத் தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று பயந்துபோய்ச் சரிபார்த்தேன். தேதி சரியாகத்தான் இருந்தது. வினைச்சொற்களைச் சொல்கிறார்கள் என்று புரியவே இரண்டு நாள் ஆனது. உடனே உட்கார்ந்து, 'கிறார்' என்று முடிந்ததையும் 'வார்' என்று முடிந்ததையும் ஒன்றுவிடாமல் 'தார்' ஆக்கி அனுப்பினேன். அது முன்னதைவிட மோசம். இந்தத் தடவை வந்த குறிப்பு: "இது வழக்கமா, ஒருநாள் நடந்ததா?"

ஒவ்வொரு தடவையும் பதில் வர இரண்டரை மாதம். ஆக, வினைமுற்றுகளால் மட்டும் எனக்கு ஐந்து மாதம் போயிற்று. உங்களுக்கு ஒரு மாலைப்பொழுதோடு முடியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. அச்செடுத்து, வாக்கியத்தின் கடைசி வினையை மட்டும் வட்டமிடுங்கள்

திரையில் பார்த்துத் திருத்தினால் கண் ஏமாற்றும். அச்செடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்கு 5 ரூபாய் வாங்கினார்கள். நாலு பக்கத்துக்கு 20 ரூபாய். இரண்டு நகல் எடுத்துவிடுங்கள், முதல் நகல் கிறுக்கலில் நாசமாகிவிடும். சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று பேனா போதும்.

வட்டமிட வேண்டியது வினைமுற்றை மட்டும்தான், அதாவது வாக்கியத்தை முடித்துவைக்கிற வினையை. "அப்பா எழுந்து, டார்ச் லைட்டை எடுத்து, கதவைத் திறந்து வெளியே போனார்" என்ற வாக்கியத்தில் நாலு செயல் இருந்தாலும் வட்டம் ஒன்றுதான்: போனார். எழுந்து, எடுத்து, திறந்து எல்லாம் வினையெச்சங்கள். கடைசி வினை எந்தக் காலமோ அந்தக் காலத்துக்கே அவையும் போய்விடும். 'போவார்' என்று முடித்தால் அதே 'எழுந்து' தினசரி எழுவதாக ஆகிவிடும். அதனால் அவற்றைத் தொட வேண்டாம்.

நடந்து முடிந்ததைச் சொல்லும் வினைக்குச் சிவப்பு (போனார், விழுந்தது). நிகழ்காலத்துக்கு நீலம் (போகிறார், விழுகிறது). வருவார், இருக்கும், போகும் போன்ற எதிர்கால வடிவத்துக்குப் பச்சை. நாலு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம் ஆகும். கணினியில் தேடுவதானால் 'கிறது', 'கிறார்', 'கிறாள்', 'கிறேன்', 'கிறோம்', 'கின்றன' போன்றவற்றை ஒவ்வொன்றாகத் தேடி நீலத்தைப் பிடித்துவிடலாம். பச்சையை அப்படிப் பிடிக்க முடியாது. 'ம்' என்று முடிவதைத் தேடினால் 'மேலும்', 'இருவரும்', 'மரம்' எல்லாம் கும்பலாக வந்து நிற்கும். அதற்குக் கண்தான்.

ஒரு பத்தியில் மூன்று நிறமும் கலந்திருந்தால் அந்தப் பத்தியில் தப்பு இருக்கிறது என்று உடனே முடிவுகட்டிவிடாதீர்கள். நான் செய்த பெரிய பிழை அதுதான். நிறம் கலந்திருப்பது பிழை ஆகாது. காரணம் இல்லாமல் கலந்திருந்தால்தான் பிழை.

2. என்ன நடந்தது, எதற்குப் பிறகு எது என்று தனித்தாளில் எழுதுங்கள்

நமக்கே வரிசை தெரியாமல் இருந்தால் வினை தடுமாறத்தான் செய்யும். ஒரு தாளில் நிகழ்ச்சிகளை மேலிருந்து கீழாகப் போடுங்கள். தேதிக்கு நினைவை நம்ப வேண்டாம். வீட்டில் இருக்கும் காகிதங்களை எடுங்கள்: வங்கி பாஸ்புக், கல்யாணப் பத்திரிகை, ஆஸ்பத்திரிச் சீட்டு, நிவாரணத்துக்குக் கொடுத்த மனுவின் நகல், கைபேசிப் படங்களில் பதிவாகியிருக்கும் தேதி. இதற்குச் செலவு எதுவும் இல்லை, பரணில் ஏறி இறங்கும் நேரம்தான்.

எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் "தீபாவளி முடிந்து பத்தாம் நாள்" என்பார்கள். 2018இல் தீபாவளி நவம்பர் 6. புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது நவம்பர் 16 அதிகாலை. கணக்குச் சரி. ஆனால் என் கட்டுரையில் "வெள்ளிக்கிழமை ராத்திரி" என்று எழுதியிருந்தேன். 16தான் வெள்ளிக்கிழமை, நாங்கள் விழித்துக் கிடந்தது 15, வியாழன் ராத்திரி. இப்படி ஒரு நாள் நகர்ந்துவிட்டால் 'அதற்கு முந்தின நாள்', 'மறுநாள்' என்று எழுதிய எல்லாம் சேர்ந்து நகரும், அவற்றோடு 'வந்திருந்தார்', 'வந்தார்' என்ற வித்தியாசமும் குழம்பும்.

3. அடித்தளக் காலம் எது என்று முடிவு செய்யுங்கள்

கதை எந்தக் காலத்தில் நடக்கிறது என்பது ஒன்று, எந்தக் காலத்தில் அதைச் சொல்லப்போகிறீர்கள் என்பது இன்னொன்று. "காற்று அடித்தது, ஓடு பறந்தது" என்றும் சொல்லலாம். "காற்று அடிக்கிறது, ஓடு பறக்கிறது" என்று கண்முன் நடப்பதுபோலவும் சொல்லலாம். பள்ளிக்கூடத்தில் காலவழுவமைதி என்று படித்திருப்போமே, அந்த உரிமை நமக்கு உண்டு.

முதல் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு நான் சொல்வது, இறந்தகாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நிகழ்காலம் பத்து வரி ஓடும்; அதற்குப் பிறகு மூச்சு வாங்கும். ஒரு காட்சியை மட்டும் நிகழ்காலத்தில் சொல்ல ஆசையாக இருந்தால் அதைப் பத்தியின் முதல் வரியிலேயே தொடங்கி, காட்சி முடியும்வரை விடாமல் பிடித்து, புதுப் பத்தியில் இறந்தகாலத்துக்குத் திரும்புங்கள். பத்துச் சிவப்புக்கு நடுவே ஒற்றை நீலம் தெரிந்தால், அது பெரும்பாலும் கைதவறி வந்ததாகத்தான் இருக்கும்.

இது எங்கிருந்து வருகிறது என்றால், நம் பேச்சிலிருந்து. "நான் போறேன், அவரு வாசல்ல நிக்கிறாரு, என்னண்ணே இந்த நேரத்துலன்னேன்" என்று ஒரே மூச்சில் இரண்டு காலத்தையும் கலந்துதான் பேசுகிறோம். பேச்சில் குரலும் கையும் சேர்ந்து காப்பாற்றிவிடும். தாளில் அவை இல்லை. பேசிப் பதிவு செய்து அப்புறம் எழுத்தாக்கிய கட்டுரை என்றால் நீல வட்டம் நிறைய இருக்கும், தயாராக இருங்கள்.

4. வழக்கத்துக்கும் ஒருநாளுக்கும் நடுவே வரப்பு போடுங்கள்

எனக்கு இரண்டாவது தடவை அடி விழுந்த இடம் இது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

தமிழில் கடந்தகால வழக்கத்தை எதிர்கால வடிவத்தில்தான் சொல்கிறோம். "சின்ன வயதில் ஆற்றில் தண்ணீர் வந்ததும் ஓடிப்போய்க் குதிப்போம்." 'குதிப்போம்' எதிர்காலம் போலத் தெரிந்தாலும் இங்கே சொல்வது, பலமுறை நடந்து, இப்போது நின்றுபோன ஒன்றை. இதை 'குதித்தோம்' என்று "திருத்தினால்" ஒரே ஒருநாள் குதித்ததாக ஆகிவிடும். பச்சை வட்டத்தை எல்லாம் சிவப்பாக்கினால் கட்டுரை கெட்டுப்போவது இதனால்தான்.

ஆனால் இந்த வடிவம் தனியாக நிற்காது. கட்டுரையின் முதல் வரியே "அப்பா தோப்பைச் சுற்றி வருவார்" என்று இருந்தால், இனிமேல்தான் வரப்போகிறாரா என்று படிப்பவர் ஒரு நொடி நிற்பார். "நான் கல்லூரியில் படித்த நாளில்", "அப்போதெல்லாம்" என்று ஒரு காலச் சொல்லை முன்னால் வையுங்கள். அல்லது முதல் வாக்கியத்தை மட்டும் 'சுற்றி வருவது வழக்கம்', 'சுற்றி வருவதுண்டு' என்று முடித்துவிட்டு, அடுத்ததிலிருந்து 'வார்' போடுங்கள். இந்த 'வதுண்டு' ஒரு பத்தியில் ஒன்றுக்கு மேல் போனால் உரைநூல் வாடை அடிக்கும்.

அப்புறம், வழக்கத்திலிருந்து ஒருநாளுக்குத் தாண்டும் இடம். அங்கே 'அன்றைக்கு', 'ஒருநாள்', 'அந்த வியாழக்கிழமை' என்று ஏதாவது ஒரு சொல் வரப்புபோலக் கிடக்க வேண்டும். அதற்கு இந்தப் பக்கம் 'வார்', அந்தப் பக்கம் 'தார்'. வரப்பைத் தாண்டிய பிறகு மறுபடி ஒரு 'வார்' எழுதினால் வாசகர் திரும்பவும் வழக்கத்துக்குள் விழுந்துவிடுவார்.

இந்த வடிவத்துக்கு இன்னொரு பொருளும் இருக்கிறது: ஊகம். "இந்நேரம் அப்பா தோப்பில் இருப்பார்" என்றால் அநேகமாக இருக்கலாம் என்று அர்த்தம். நேரில் பார்த்ததைச் சொல்லும்போது 'இருப்பார்' வந்தால், பார்த்தீர்களா, நினைத்துக்கொண்டீர்களா என்ற சந்தேகம் வரும். நினைவுக் கட்டுரையில் இந்தச் சந்தேகம் வந்தால் அப்புறம் எதையும் நம்பமாட்டார்கள்.

5. 'இருந்தார்' என்று முடியும் வினைகளைத் தனியாகப் பாருங்கள்

'வந்தார்', 'வந்திருந்தார்' இரண்டும் சிவப்புதான், ஆனால் ஒன்றல்ல. சொல்லிக்கொண்டிருக்கும் நேரத்துக்கும் முன்பே முடிந்துவிட்டதைத்தான் 'வந்திருந்தார்' சொல்லும். நிறையப் பேர் இதைக் கொஞ்சம் கனமான இறந்தகாலம் என்று நினைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் போடுகிறார்கள்: "மாமா வந்திருந்தார். காபி குடித்திருந்தார். கிளம்பியிருந்தார்." எதற்கு முன்பு என்று கேட்டால் பதில் இருக்காது. பதில் இல்லாத இடத்தில் 'வந்தார், குடித்தார், கிளம்பினார்' என்று மாற்றுங்கள்.

பின்னோக்கி ஒரு நீண்ட சம்பவத்தைச் சொல்ல வேண்டுமானால், முதல் வாக்கியத்தில் மட்டும் 'இருந்தார்' போதும். உதாரணமாக: "அந்த மரங்களைத் தாத்தா நட்டிருந்தார். கன்றுகளை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார். குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினார்." இரண்டாவதிலிருந்து சாதாரண இறந்தகாலம். திரும்பி வரும்போது "புயலன்று" என்று ஒரு சொல் போட்டு வந்துவிடுங்கள்.

எச்சரிக்கை: "அப்பா வெள்ளை வேட்டி கட்டியிருந்தார்", "நாங்கள் உட்கார்ந்திருந்தோம்" ஆகியவை வேறு. இவை முன்பு நடந்ததைவிட, அந்த நேரத்தில் இருந்த நிலையைத்தான் சொல்கின்றன. 'வேட்டி கட்டினார்' என்று மாற்றினால் உங்கள் கண்ணெதிரே கட்டியதாக ஆகிவிடும்!

6. மாற்றக் கூடாதவை

மூன்று இடங்களில் கையை வைக்காதீர்கள்.

ஒன்று, 'என்று' என்ற சொல்லுக்கு முன்னால் இருக்கும் பேச்சு. "நாளைக்குப் புயல் வரும் என்று ரேடியோவில் சொன்னார்கள்." 'சொன்னார்கள்' இறந்தகாலம் என்பதற்காக 'வரும்' மாற வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் படித்த பழக்கத்தில் சிலர் உள்ளே இருப்பதையும் பின்னுக்குத் தள்ளுவார்கள். தமிழில் பேசியவர் பேசிய காலத்திலேயே அது இருக்கட்டும்.

இரண்டு, இன்றும் உண்மையாக இருப்பது. "கல்லணைக் கால்வாயை எங்கள் பக்கம் புது ஆறு என்கிறோம்." இதை 'என்றோம்' ஆக்கினால் இப்போது பெயர் மாறிவிட்டதா என்று கேட்பார்கள். இந்த நீல வட்டம் நியாயமானது, விட்டுவிடுங்கள்.

மூன்று, இல்லை, தெரியாது, வேண்டும், பிடிக்கும் போன்றவை. "கரண்ட் இல்லை", "எனக்கு அப்போது நீச்சல் தெரியாது" எல்லாம் இறந்தகாலக் கதையிலும் அப்படியே நிற்கும். இவற்றுக்கு வடிவத்தில் காலம் தெரியாது, பக்கத்தில் இருக்கும் வினையைப் பார்த்துத்தான் வாசகர் புரிந்துகொள்கிறார். அதனால் தொடர்ந்து நாலு வாக்கியம் 'இல்லை, இல்லை' என்று போனால் நடுவில் ஒரு தெளிவான இறந்தகால வினையைச் சேருங்கள்.

7. ஒரு பத்தியை எடுத்துச் செய்து பார்ப்போம்

திரும்பி வந்த என் கட்டுரையில் இருந்த பத்தி இது, முதல் வடிவம்:

> "அப்பா ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் தென்னந்தோப்பை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். கையில் டார்ச் லைட் இருக்கும். அன்றைக்கும் போனார். எட்டு மணிக்குத் திரும்பி வந்து, காத்து ஒரு மாதிரியா இருக்கு என்று சொல்கிறார். அம்மா மாட்டை அவிழ்த்துத் திண்ணை ஓரம் கட்டியிருந்தாள். நடு ராத்திரிக்கு மேல் காற்று வலுத்தது. ஓடுகள் ஒவ்வொன்றாகப் பறக்கும். நாங்கள் கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்திருந்தோம். மரம் முறிகிற சத்தம் கேட்கிறது. அப்பா எண்ணிக்கொண்டே இருப்பார். விடியும்போது தோப்பில் நாலு மரம்தான் நின்றன."

நான் எல்லாவற்றையும் இறந்தகாலமாக்கியபோது தொடக்கம் இப்படி ஆனது: "அப்பா தோப்பைச் சுற்றி வந்தார். கையில் டார்ச் லைட் இருந்தது. அன்றைக்கும் போனார்." அந்த 'அன்றைக்கும்' என்பதில் இருக்கிற 'உம்' எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? தினமும் போவார் என்ற செய்தியே அழிந்துவிட்டது. ஆகவே முதல் இரண்டு வாக்கியத்தின் பச்சை அப்படியே இருக்க வேண்டும். முன்னால் 'அப்போதெல்லாம்' என்று ஒரு சொல் மட்டும் தேவை. 'அன்றைக்கும்' என்பதுதான் வரப்பு.

வரப்பைத் தாண்டிய பிறகு வருகிற 'சொல்கிறார்', 'கேட்கிறது' இரண்டும் ஒற்றை நீலங்கள். 'என்றார்', 'கேட்டது' ஆகின்றன. அப்பா பேசியதில் இருக்கிற 'இருக்கு' மாறவில்லை. 'முறிகிற சத்தம்' என்பதையும் மாற்றவில்லை, ஏனென்றால் முறிவதும் கேட்பதும் ஒரே நேரத்தில் நடந்தன. 'முறிந்த சத்தம்' என்றால் அந்த நீண்ட முனகல் போய், முடிந்துபோன ஒரு சத்தம்தான் மிஞ்சும்.

'ஓடுகள் பறக்கும்' என்றால் எங்கள் வீட்டு ஓடு தினமும் பறப்பது போலிருக்கிறது. 'பறந்தன' என்று மாற்றினேன். 'எண்ணிக்கொண்டே இருப்பார்' என்பது வழக்கமாகவோ ஊகமாகவோ தொனிக்கிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன், அதனால் 'இருந்தார்'. 'உட்கார்ந்திருந்தோம்' நிலை, அது சரிதான்.

மிச்சம் அம்மாவின் மாடு. 'கட்டியிருந்தாள்' என்றால் அப்பா வருவதற்கு முன்பே கட்டிவிட்டாள். 'கட்டினாள்' என்றால் அப்பா சொன்ன பிறகு. எது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டேன். "உங்கப்பா வந்து சொல்ற வரைக்கும் யாரு காத்துக்கிட்டு இருப்பா? பொழுது சாயும்போதே கட்டிட்டேன்" என்றாள். ஆக, புயலை முதலில் மோப்பம் பிடித்தது அம்மா. மூன்று வருடமாக அந்தப் பெருமையை அப்பாவுக்குக் கொடுத்து வைத்திருந்தேன். 'கட்டியிருந்தாள்' தப்பித்தது. ஆனால் அது தற்செயலாக வந்ததல்ல என்று காட்ட முன்னால் 'அதற்கு முன்பே' என்று சேர்த்தேன்.

கடைசி வடிவம்:

> "அப்போதெல்லாம் அப்பா ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் தென்னந்தோப்பை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். கையில் டார்ச் லைட் இருக்கும். அன்றைக்கும் போனார். எட்டு மணிக்குத் திரும்பி வந்து, காத்து ஒரு மாதிரியா இருக்கு என்றார். அதற்கு முன்பே அம்மா மாட்டை அவிழ்த்துத் திண்ணை ஓரம் கட்டியிருந்தாள். நடு ராத்திரிக்கு மேல் காற்று வலுத்தது. ஓடுகள் ஒவ்வொன்றாகப் பறந்தன. நாங்கள் கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்திருந்தோம். மரம் முறிகிற சத்தம் கேட்டது. அப்பா எண்ணிக்கொண்டே இருந்தார். விடியும்போது தோப்பில் நாலு மரம்தான் நின்றன."

பதினொரு வினைமுற்றில் மாறியவை நாலுதான். இரண்டு பச்சை கடைசிவரை பச்சையாகவே இருந்தது.

8. அனுப்பும் முன் மூன்று நாள் விடுங்கள்

திருத்திய அன்றே படித்தால் எதுவும் கண்ணில் படாது. மூன்று நாள் கழித்து இரண்டாவது நகலை எடுத்து வாய்விட்டுப் படியுங்கள். முடிந்தால் அந்தச் சம்பவத்தின்போது கூட இருந்தவருக்குப் படித்துக் காட்டுங்கள். நாலு பக்கத்துக்குக் கால் மணி நேரம் ஆகும். அவர் "எப்போ?" என்று கேட்கும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டு மேலே போங்கள், அங்கேயே விளக்கம் சொல்ல ஆரம்பிக்காதீர்கள். நான் படித்தபோது அம்மா இரண்டு இடத்தில் "எப்போ?" என்றாள். இரண்டிலும் ஒரு 'இருந்தார்' இருந்தது.